நாற்காலியில் உட்கார்ந்தவர் எத்தனை பேர்?

இன்ஸ்டாகிராமில் போட்ட பதிவுக்குக் கீழே இருக்கும் Boost post பொத்தானை அழுத்திவிட்டு, லைக் கூடுகிறதா என்று பார்ப்பதுதான் பெரும்பாலான சின்னப் பார்லர்களில் விளம்பரம் என்று நடக்கிறது. லைக் போட்டவர் வேறு ஊர்க்காரராக இருந்தால் அவர் தலைமுடி வெட்ட வரப்போவதில்லை. பார்லருக்கு வேண்டியது காலியாகக் கிடக்கும் நாற்காலியில் ஒருவர் வந்து உட்காருவது. கணக்கையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மதுரையில் இரண்டு நாற்காலிகள் உள்ள ஒரு பெண்கள் பார்லர் என்று வைத்துக்கொள்வோம். சனி, ஞாயிறு நிற்க இடமிருக்காது. செவ்வாய் முதல் வியாழன் வரை பகலில் ஈயாடும். ஆகவே விளம்பரம் அந்த மூன்று நாட்களுக்குத்தான் தேவை. ஹேர் ஸ்பா 1,200 ரூபாய். கிரீம், பணிப்பெண்ணின் பங்கு, கரண்ட் எல்லாம் போக 600 ரூபாய் நிற்கும். ஒரு புது வாடிக்கையாளரைக் கொண்டுவர அந்த 600-க்கு மேல் செலவானால், முதல் வருகையிலேயே கைநஷ்டம். இந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் பட்ஜெட் போடக்கூடாது.

தினசரி பட்ஜெட்டாக 200 ரூபாய் வைத்து இரண்டு வாரம் ஓட்டலாம். சில நாள் 200-க்கு மேலும் பிடிக்கும், சில நாள் குறையும். வாரக் கணக்கில் ஏழு மடங்கைத் தாண்டாது. பதினான்கு நாளுக்கு 2,800 ரூபாய். அதற்குமேல் 18 சதவீத ஜிஎஸ்டி 504 ரூபாய். ஆக மொத்தம் 3,304. இடையில் படத்தையோ பட்ஜெட்டையோ தினமும் மாற்றிக்கொண்டே இருக்கக்கூடாது. யாருக்குக் காட்டினால் பலன் என்று மெட்டாவின் கணினி கற்றுக்கொள்ளச் சில நாட்கள் பிடிக்கும். பெரிய மாற்றம் செய்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

யாருக்குக் காட்டுவது? ஊர்ப்பெயரைத் தேர்ந்தெடுத்தால் மதுரை முழுக்கவும் அதைத் தாண்டியும் போகும். அதற்குப் பதில் வரைபடத்தில் கடை இருக்கும் இடத்திலேயே குறி வைத்து, சுற்றளவை மூன்று, நான்கு கிலோமீட்டராகச் சுருக்க வேண்டும். அந்த வட்டத்துக்கு வைகையும் தெரியாது, ரயில்வே கேட்டும் தெரியாது. பாலத்தைச் சுற்றி அரைமணி நேரம் வரவேண்டிய பகுதி உள்ளே வந்துவிட்டால், குறியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். பெண்கள், 22 முதல் 50 வயது என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சின்ன வட்டத்துக்குள் ‘அழகுக்கலையில் ஆர்வம் உள்ளவர்கள்’ என்று மேலும் வடிகட்டினால், பார்க்க ஆளே மிஞ்சாது.

விளம்பரத்தைத் தட்டினால் நேரே வாட்ஸ்அப் திறக்கும்படி வைப்பதே பார்லருக்குப் பொருத்தம். ஆனால் சிக்கலும் இங்கேதான். மெசேஜ் அனுப்பக்கூடியவர்களைத்தான் கணினி தேடிப் பிடிக்கிறது, வருகிறவர்களை அல்ல. இரவு ஒன்பது மணிக்கு மேல் “ரேட் எவ்ளோ?” என்று வரிசையாக வந்து விழும். அதனால் விலையையும் ஏரியாவின் பெயரையும் படத்திலேயே எழுதிவிட வேண்டும். மெசேஜ் குறையும்; மிச்சம் வருபவை உருப்படியானவை. பதிலும் விலையோடு முடியக்கூடாது. “வியாழக்கிழமை 11 மணியா, 3 மணியா, எது வசதிங்க?” என்று கேட்டால்தான் பேச்சு புக்கிங்காக மாறும்.

இனி அளவிடுவது. விளம்பரத்திலிருந்து வரும் அரட்டையின் மேலேயே அந்த விளம்பரம் தெரியும். வாட்ஸ்அப் பிசினஸில் ‘நேரம் கொடுத்தது’, ‘வந்தார்’ என்று இரண்டு லேபிள் வைத்துக்கொண்டால் போதும். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மெசேஜ் அனுப்பாமல் நேரே வருகிறவர்களும் உண்டு. அவர்களிடம், “எப்படிங்க்கா நம்ம கடை தெரிஞ்சுது?” என்று கேட்டு பில் நோட்டில் ஓர் ஓரமாகக் குறிக்க வேண்டும்.

நம் பார்லருக்கு இரண்டு வாரத்தில் 41 மெசேஜ் வந்தது என்று கொள்வோம். திரையில் ஒரு மெசேஜுக்கு 68 ரூபாய் என்று காட்டும், மலிவாகத் தோன்றும். ஆனால் நேரம் வாங்கியவர் 15 பேர், வந்தவர் 9 பேர், அதில் இருவர் பழைய வாடிக்கையாளர்கள். புதியவர் 7. 3,304-ஐ ஏழால் வகுத்தால் தலைக்கு 472 ரூபாய். 600-க்குள் இருக்கிறது, தொடரலாம். நேரம் வாங்கியும் வராத ஆறு பேர்தான் இதில் உறுத்தல். நூறு ரூபாய் முன்பணம் யுபிஐயில் வாங்கினால் அந்த எண்ணிக்கை குறையும். பட்ஜெட்டை ஏற்றுவதற்கு முன் இதைச் சரிசெய்ய வேண்டும்.

இவ்வளவு சின்ன எண்களில் ஏழு பேருக்கும் ஒன்பது பேருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆடியில் ஓட்டிய விளம்பரத்தையும் கல்யாண சீசனான ஆவணியில் ஓட்டியதையும் ஒப்பிட்டு, இந்தப் படம்தான் வேலை செய்தது என்று முடிவு கட்டவும் கூடாது. அந்த ஏழு பேரின் பெயரையும் தனியே எழுதிவைத்து, இரண்டு மாதம் கழித்து எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்று பார்க்கலாம். மூவர் வந்திருந்தால், அடுத்த முறை தலைக்கு 700 ரூபாய் ஆனாலும் தாங்கும்.