26-இல் நிற்கும் காய்

பள்ளியில் ஒரு மதியம் விளையாட்டாகக் கணக்கு சொல்லித்தரப் போகிறார்கள் என்றால், பெற்றோருக்கு வரும் கடிதத்தில் பெரும்பாலும் நாளும் நேரமும்தான் இருக்கும். வருபவர்கள் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்களும் உட்கார்ந்து ஆட வேண்டுமானால், எப்படி ஆடுவது என்பதையும் கடிதமே சொல்லிவிட வேண்டும். முதல் வகுப்புப் பெற்றோருக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை மதியம் 2 மணி முதல் 3 மணி வரை வகுப்பில் பாம்பு ஏணி ஆடுகிறோம். இரண்டு குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் துணை வேண்டும். தாத்தா, பாட்டி, அத்தை யார் வந்தாலும் சரி. நூறு வரை எண்ணத் தெரிந்தால் போதும்.

ஒரே ஒரு விதி. காய் 26-இல் நிற்கிறது, பகடையில் 4 விழுகிறது என்றால், குழந்தை “ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு” என்று எண்ணக் கூடாது. காய் போகும் கட்டத்தில் உள்ள எண்ணையே சொல்ல வேண்டும்: “27, 28, 29, 30.” சில குழந்தைகள் நிற்கும் கட்டத்தையும் சேர்த்து “26, 27, 28, 29” என்று ஒரு கட்டம் முன்னாலேயே நின்றுவிடுவார்கள். அப்போது “தவறு” என்று சொல்லாமல், “காயை எடுத்து வைத்த பிறகு எண்ணைச் சொல், கண்ணு” என்று சொல்லிப் பாருங்கள். காயை நீங்கள் நகர்த்தாதீர்கள். குழந்தையின் கையே நகர்த்தட்டும்.’

அந்த விதிக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் எலிடா லாஸ்கி, ராபர்ட் சீக்லர் என்ற இரு ஆய்வாளர்கள், 100 வரை எண் போட்ட அட்டையில் மழலையர் வகுப்புக் குழந்தைகளை ஆடவைத்து, 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து எண்ணியவர்களைவிட, கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்ந்தவர்களே ஓர் எண் எவ்வளவு பெரியது, எந்த இடத்தில் வரும் என்பதை நன்றாகக் கணித்தார்கள். அட்டை ஒன்றுதான், ஆட்டமும் ஒன்றுதான்; வாய் சொன்னது மட்டும் வேறு. “ஒன்று, இரண்டு” என்று எண்ணும் குழந்தை, தான் 26-இல் இருந்ததையே கவனிப்பதில்லை.

அட்டையைப் பற்றியும் கடிதத்தில் ஒரு வரி வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் பாம்பு ஏணியில் வரிசைகள் பெரும்பாலும் வளைந்து வளைந்து போகும்: 1 முதல் 10 வரை இடமிருந்து வலம், 11 முதல் வலமிருந்து இடம். 10-ஐத் தாண்டியதும் சில குழந்தைகள் திசை மாறித் தடுமாறுவார்கள். அந்தத் திருப்பத்தில் விரல் வைத்துக் காட்டப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

இதனால் கூட்டலும் கழித்தலும் ஒரே மதியத்தில் வந்துவிடும் என்று கடிதத்தில் வாக்குக் கொடுக்க வேண்டாம். எண்களின் வரிசையும் அளவும் மனதில் பதிவதற்கே இந்த ஆட்டம். அதற்கும் பல நாள் ஆட வேண்டும். வெள்ளிக்கிழமை வர முடியாதவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் வீட்டிலேயே இதே விதியோடு ஆடலாம். காய் இல்லையென்றால் புளியங்கொட்டை போதும்.

கடிதத்தின் அடியில் கிழித்துக் கொடுக்க ஒரு சீட்டு: ‘யார் வருகிறீர்கள்? வீட்டில் பாம்பு ஏணி அட்டை இருக்கிறதா?’ 30 குழந்தைகள் உள்ள வகுப்புக்கு 15 அட்டைகள் வேண்டும். எத்தனை குறைகிறது என்பது வியாழக்கிழமைக்குள் ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.