பத்து ரூபாய்ப் பொட்டலத்தின் உள்ளே

சென்ற பருவத்தில் ஒரு நாள், வகுப்பு முடிந்து வெளியே வரும்போது மாணவர் ஒருவர் காற்றடைத்த பந்துபோல உப்பியிருந்த ஒரு மிக்சர் பாக்கெட்டை என்னிடம் நீட்டினார். "சார், இதற்குள் பாதிக்கு மேல் வாயுதான். அந்த வாயுவையும் சேர்த்துத்தான் எடை போடுகிறார்களா?" என்று கேட்டார். கேள்வி நல்ல கேள்வி. அதற்கான விடையைப் பின்னால் தருகிறேன். ஆனால் அவர் கேட்காத இன்னொரு கேள்வி அந்தப் பாக்கெட்டிலேயே அச்சிடப்பட்டிருந்தது. விலை பத்து ரூபாய். சில ஆண்டுகளுக்கு முன்பும் பத்து ரூபாய்தான். அப்படியானால் விலைவாசி உயர்வு அந்தப் பாக்கெட்டைத் தொடவே இல்லையா?

தொட்டது. ஆனால் விலையைத் தொடாமல் எடையைத் தொட்டது. ஆங்கிலத்தில் இதை 'ஷ்ரிங்க்ஃப்ளேஷன்' என்கிறார்கள். விலை நிற்க, பண்டம் சுருங்குவது என்று நாம் பொருள் கொள்ளலாம்.

2022-ஆம் ஆண்டில் செய்தித்தாள்களில் வந்த ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஹால்டிராம் நிறுவனத்தின் ஆலு புஜியா, அதாவது உருளைக்கிழங்கு சேர்த்த ஓமப்பொடி, பத்து ரூபாய்ப் பொட்டலத்தில் 55 கிராம் இருந்தது 42 கிராம் ஆயிற்று. அது சமையல் எண்ணெய்க்கு நெருக்கடி ஏற்பட்டிருந்த காலம். உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைப்பட்டது. இந்தோனேசியா ஏப்ரல் இறுதியிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதம் பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்திவைத்தது. எண்ணெயில் பொரித்த பண்டத்தின் அடக்கவிலை ஏறாமல் இருக்க முடியாது. பத்து ரூபாயைப் பதின்மூன்று ரூபாயாக்கலாம். ஆனால் பெட்டிக்கடையில் ஒரே நாணயத்தை வைத்து வாங்கும் பொருளுக்குப் பதின்மூன்று ரூபாய் என்றால், சில்லறையைத் தேடும் நேரத்தில் கை வேறு பாக்கெட்டுக்குப் போய்விடும். ஆகவே நாணயத்தை மாற்றாமல் கிராமை மாற்றினார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 55-இல் 13 குறைந்தது. இது 100-க்கு ஏறத்தாழ 24 பங்கு. "அப்படியானால் விலை 24 சதவிகிதம் ஏறியிருக்கிறது" என்று பலரும் சொல்வார்கள். அது தவறு. 100 கிராமுக்கு முன்பு 18 ரூபாய் 18 காசு. பின்பு 23 ரூபாய் 81 காசு. ஏற்றம் 31 சதவிகிதம். எடை பகுதியில், அதாவது வகுக்கும் எண்ணின் இடத்தில் நிற்பதால் இந்த வேறுபாடு வருகிறது. பண்டம் பாதியானால் குறைவு 50 சதவிகிதந்தான், ஆனால் விலையேற்றம் 100 சதவிகிதம். எனவே எடைக் குறைவைப் படிக்கும்போது உண்மையான விலையேற்றம் அதைவிட எப்போதும் அதிகம் என்பதை மனத்தில் வையுங்கள்.

நாலில் ஒரு பங்கு போயிற்றே, நம் கண்ணும் கையும் என்ன செய்துகொண்டிருந்தன? ஜெர்மனியின் லைப்சிக் நகரில் எர்ன்ஸ்ட் வேபர் என்ற அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இதற்குப் பாதி விடை கண்டார். இரண்டு எடைகளைக் கையில் தூக்கி ஒப்பிடும்போது நாம் உணர்வது கிராம் வேறுபாட்டை அன்று, விகித வேறுபாட்டை. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், பழகிய கைக்கு நூற்றில் சில பங்கு வேறுபாடுகூடத் தெரியும். 55-க்கும் 42-க்கும் உள்ள வேறுபாடு அதைவிடப் பல மடங்கு பெரிது. ஆனால் வேபரின் சோதனையில் இரண்டு எடைகளும் மேசைமேல் இருந்தன. நம்மிடம் இருப்பதோ ஒன்றே. பழைய பாக்கெட் போன மாதமே குப்பைத்தொட்டிக்குப் போய்விட்டது. ஒப்பிடுவதற்கு இருக்கும் மற்றோர் எடை நம் நினைவு மட்டுமே. நினைவுக்கு முத்திரைப் படிக்கல் கிடையாது.

எடையோடு வடிவமும் மாறினால் கதை வேறு. 2016-இல் பிரிட்டனில் டாப்லரோன் சாக்லேட்டுக்கு நேர்ந்தது இதுதான். மலைத்தொடர் போன்ற முக்கோண முகடுகளுக்கு இடையில் உள்ள பள்ளத்தை அகலமாக்கி, 170 கிராம் கட்டியை 150 கிராம் ஆக்கினார்கள். குறைவு 12 சதவிகிதந்தான். புஜியாவில் குறைந்ததில் பாதி. ஆனால் முகட்டுக்கும் முகட்டுக்கும் நடுவே விரல் விட்டுப் பார்க்கும்படி இடைவெளி தெரிந்ததால் நாடெங்கும் பரிகாசம் எழுந்தது. 2018-இல் பழைய வடிவத்துக்கே திரும்பினார்கள். சுருக்குவது குற்றமாகத் தெரியவில்லை. சுருக்கம் கண்ணில் படுவதுதான் இடைஞ்சலாக இருந்தது போலும்!

கண்ணில் படாமல் சுருக்க வடிவியலே துணை நிற்கிறது. ஐந்து ரூபாய் பார்லே-ஜி பொட்டலம் 64 கிராமிலிருந்து 55 கிராம் ஆனதாகவும் அதே ஆண்டில் செய்தி வந்தது. இது 14 சதவிகிதக் குறைவு. ஒரு பொட்டலத்தில் பிஸ்கட்டுகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல், ஒவ்வொன்றின் நீளம், அகலம், கனம் மூன்றையும் சம விகிதத்தில் குறைத்து இந்த அளவைக் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அளவையும் எவ்வளவு குறைக்க வேண்டும்? கன அளவு மூன்று நீளங்களின் பெருக்கம். 0.95 × 0.95 × 0.95 = 0.857. அதாவது ஒவ்வோர் அளவிலும் வெறும் 5 சதவிகிதம் குறைத்தால் போதும். 60 மில்லிமீட்டர் நீளமுள்ள பிஸ்கட் 57 ஆகும். 6 மில்லிமீட்டர் கனம் 5.7 ஆகும், நோட்டுப் புத்தகத்தின் மூன்று தாள்களை அடுக்கினால் எவ்வளவோ அவ்வளவுதான் அந்தக் குறைவு. தேநீரில் தோய்க்கும்போது இதை யார் அளந்து பார்ப்பார்கள்? நம் கண் நீளத்தை ஒப்பிடுகிறது. நம் பணமோ கன அளவுக்குப் போகிறது.

இனி அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். பொரித்த பண்டங்களின் பையில் அடைப்பது பெரும்பாலும் நைட்ரஜன். ஆக்சிஜன் பட்டால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும்; நைட்ரஜன் அதைத் தடுக்கிறது; பண்டம் நொறுங்காமல் மெத்தை போலவும் உதவுகிறது. ஆகவே வாயு இருப்பதே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. அதற்கு எடை உண்டா? உண்டு. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நைட்ரஜன் ஏறத்தாழ 1.16 கிராம். ஆனால் பை தன்னைச் சுற்றியுள்ள காற்றில் மிதந்துகொண்டிருக்கிறது. அது இடம்பெயரச் செய்த ஒரு லிட்டர் காற்றின் எடை 1.20 கிராம். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி இரண்டும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். தராசில் வாயுவின் எடை தெரியாது. அதோடு, பையில் அச்சிடும் 'நிகர எடை' உள்ளே இருக்கும் தின்பண்டத்தின் எடை மட்டுமே. வாயுவும் உறையும் அதில் சேரா.

எனவே வாயுவுக்குக் காசு கொடுப்பதில்லை. ஆனால் வாயு வேறொரு வேலையைச் செய்கிறது. 13 கிராம் விட்டுச் சென்ற இடத்தை அது சத்தமில்லாமல் நிரப்பிவிடுகிறது. பையின் உருவம் மாறுவதில்லை. உப்பலை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதற்கு ஊட்டிக்குப் போனவர்கள் சாட்சி. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய பாக்கெட் 2,240 மீட்டர் உயரத்தில் விறைத்து நிற்கும். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். உள்ளிருக்கும் வாயு விரிய முயல்கிறது. ஒரு கிராம்கூடக் கூடாமலே பாக்கெட் 'பெரிதாகி'விட்டது!

அப்படியானால் எதைப் பார்ப்பது? நிகர எடையை. விலையை அதனால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 100 கிராமின் விலை வரும். இந்த வகுத்தலை நமக்காகச் செய்துவைக்கவே, 2021-இல் வெளியான சட்ட அளவியல் விதித் திருத்தம் 'அலகு விற்பனை விலை' என்ற ஒன்றை உறையில் அச்சிடச் சொன்னது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலமென்றால் கிராமுக்கு இவ்வளவு என்று, ரூபாயில், இரண்டு தசம இடங்களுக்குத் திருத்தி அச்சிட வேண்டும். அதே திருத்தம், பிஸ்கட் முதலிய பண்டங்களைக் குறிப்பிட்ட எடைகளில்தான் கட்டவேண்டும் என்றிருந்த பழைய அட்டவணையை நீக்கிவிட்டது. ஆகவே 42 கிராம், 53 கிராம் போன்ற ஒழுங்கற்ற எண்கள் இன்று முறையானவையே.

ஆனால் இந்த இரண்டு தசம இடங்களில் ஓர் ஓட்டை இருக்கிறது. கணக்கு ஆசிரியர்கள் கவனிக்கலாம். ஐந்து ரூபாய்க்கு 58 கிராம் என்றால் கிராமின் விலை 0.0862 ரூபாய், திருத்தினால் 0.09. அதே ஐந்து ரூபாய்க்கு 53 கிராம் என்றால் 0.0943, திருத்தினால் அதுவும் 0.09. ஐந்து கிராம் காணாமல் போயிருக்கிறது. அதாவது ஏறத்தாழ 9 சதவிகிதம். ஆனால் அலகு விலை அசையவே இல்லை! விலை சிறியதாக இருக்கும் பொட்டலத்தில்தான் இந்த ஓட்டை பெரிதாகிறது. 100 கிராமுக்கு என்று அச்சிட்டிருந்தால் 8.62 என்றும் 9.43 என்றும் தெளிவாகத் தெரிந்திருக்கும். அந்த வகுத்தலை நாமே செய்துகொள்வதுதான் இப்போதைக்கு வழி.

அச்சிட்ட எடை உண்மையா என்று சோதிக்க விரும்பும் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒரு பாக்கெட்டைப் பிரித்துச் சமையலறைத் தராசில் கொட்டி, 40 கிராம்தான் இருக்கிறது என்று கூச்சல் போட வேண்டாம். 50 கிராம் வரையுள்ள பொட்டலத்துக்கு 9 சதவிகிதம் வரை பிழையை விதி அனுமதிக்கிறது. 42 கிராமில் அது 3.8 கிராம். தராசுக்கும் ஒரு கிராம் பிழை உண்டு. விதி எதிர்பார்ப்பது பல பொட்டலங்களின் சராசரி அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது என்பதை. ஆகவே ஒரே தொகுதி எண்ணுள்ள பத்துப் பொட்டலங்களின் பண்டத்தை ஒன்றாகக் கொட்டி நிறுத்துப் பத்தால் வகுங்கள். தராசின் ஒரு கிராம் பிழையும் அப்போது பொட்டலத்துக்கு 0.1 கிராமாகச் சுருங்கிவிடும். பிறகு பண்டத்தை என்ன செய்வது என்று மாணவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் எடை போடுவது அச்சிட்டது சரியா என்பதை மட்டுமே காட்டும். நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டாது. பிரான்ஸ் நாட்டில் 2024 ஜூலை முதல், பெரிய கடைகள் சுருங்கிய பண்டங்களின் அருகே அதை அறிவிக்கும் குறிப்பை வைக்கவேண்டும் என்று விதி வந்தது. அங்கே பழைய எடையைக் கடைக்காரர் நினைவுபடுத்துகிறார். இங்கே நாமே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் செய்வது எளியது. வழக்கமாக வாங்கும் நான்கு பண்டங்களின் காலி உறைகளைக் கழுவி, தேதி எழுதி, ஒரு பழைய பதிவேட்டில் ஒட்டிவைக்கிறேன். ஆறு மாதத்துக்கொரு முறை புதிய உறை ஒன்று பக்கத்தில் வரும். வேபரின் மேசைமேல் இருந்ததுபோல் இரண்டும் அருகருகே இருக்கும்.

அந்தப் பதிவேட்டைத் தொடங்குபவர்கள் 2025 செப்டம்பரைக் குறித்துக்கொள்ளலாம். அந்த மாதம் 22-ஆம் நாள் முதல் பிஸ்கட்டின் சரக்கு சேவை வரி 18 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகவும், மிக்சர் வகைகளின் வரி 12-இலிருந்து 5 ஆகவும் குறைந்தது. ஐந்து, பத்து ரூபாய்ப் பொட்டலங்களில் விலையைக் குறைப்பதற்குப் பதில் எடையைக் கூட்டுவதாகச் சில நிறுவனங்கள் அறிவித்தன. ஏறும்போதும் நாணயம் அசையவில்லை, இறங்கும்போதும் அசையவில்லை. உங்கள் பொட்டலத்தில் எத்தனை கிராம் திரும்பி வந்திருக்கிறது என்பதை அதற்கு முந்திய உறை ஒன்று கையில் இருந்தால்தான் சொல்ல முடியும். மேசை இழுப்பறையின் மூலையில் தேடிப் பாருங்கள்; ஒன்றாவது கிடைக்கும்.