துபாய் தீர்ப்பு, நாகர்கோவில் நோட்டீஸ்: அரபு மொழிபெயர்ப்பில் எங்கே சறுக்குகிறது?

திருவட்டாறுக்காரர் ஒருவர் துபாயில் வங்கிக் கடன் வாங்கி, முழுசாகக் கட்டாமல் ஊர் திரும்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சில வருடம் கழித்து நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றத்தில் இருந்து நோட்டீஸ் வருகிறது. “நாம அந்தக் கோர்ட்டு பக்கமே போகலியே, பின்ன எப்படி?” என்று வீட்டில் குழப்பம்.

இது எப்படிச் சாத்தியம்?

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின் கீழ், ஐக்கிய அரபு அமீரகத்தை 2020 ஜனவரியில் மத்திய அரசு அறிவிக்கை செய்தது. அதனால், அங்குள்ள குறிப்பிட்ட நீதிமன்றங்களின் பணத் தீர்ப்புகளை இங்கே மாவட்ட நீதிமன்றம் மூலம் நிறைவேற்றலாம். ஆனால் 13-வது பிரிவு தடுப்புச் சுவராக நிற்கிறது. வழக்கின் தகுதியை ஆராயாமல் கொடுத்த தீர்ப்பு செல்லாது. ஆராய்ந்தார்களா என்பதைத் தீர்ப்பின் காரணப் பகுதிதான் காட்டும். அது அரபியில் இருக்கிறது; நம் நீதிபதி படிப்பதோ ஆங்கில மொழிபெயர்ப்பை.

சிக்கல் எங்கே?

அரபுத் தீர்ப்பில் காரணங்கள் பெரும்பாலும் ‘வ ஹைஸு இன்ன’ என்று தொடங்கும். ‘இவ்வாறு இருப்பதால்’ என்று பொருள். சிலர் இதை ‘வேர்ஆஸ்’ என்று போடுகிறார்கள். ஆங்கில ஆவணத்தில் அது முன்னுரைக்கான சொல். நீதிமன்றம் எடுத்த முடிவே வெறும் பின்னணித் தகவலாகத் தெரியும்.

அடுத்தது ‘லம்மா கான தாலிக... வ கான... ஃப இன்ன’ என்ற சங்கிலி. ‘இது இப்படி இருக்க, அதுவும் அப்படி இருக்க, ஆகவே...’ என்று ஒரே வாக்கியம் ஒரு பக்கம் ஓடும். நம் பழைய பத்திரங்களைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆங்கிலத்தில் அதைத் துண்டாக்கலாம். ஆனால் எது சட்டக் கொள்கை, எது இந்த வழக்கின் உண்மை, எது முடிவு என்பது மாறக் கூடாது. உதாரணமாக, ‘மினல் முகர்ரர்’ என்றால் ‘நிலைபெற்ற சட்டக் கொள்கை’. அதை ‘நீதிமன்றம் தீர்மானித்தது’ என்று எழுதினால், பொதுவான விதி இவர்மீதான தீர்மானமாகிவிடும். ‘ஆவணங்களில் இருந்து நிரூபணமாவது’ என்ற தொடர் விட்டுப்போனாலோ, கடன் ஒப்பந்தத்தையும் கணக்கையும் நீதிமன்றம் பார்த்ததற்கான தடயமே போய்விடும்.

ஆஜராகாதவர் நிலை?

தீர்ப்பின் முடிவில் ‘பிமஸாபத்தில் ஹுளூரி’ என்று வரலாம். ஆள் வராவிட்டாலும் வந்ததற்குச் சமமாகச் சட்டம் கருதுகிறது என்று அர்த்தம். ‘முன்னிலையில்’ என்று மட்டும் மொழிபெயர்த்தால், வராதவர் வந்ததாகிவிடும். ‘எக்ஸ்பார்ட்டி’ என்று மட்டும் போட்டால், அந்தச் சட்டக் கருதுகோள் மறைந்துவிடும். ஒருதலைப்பட்சத் தீர்ப்பு என்பதாலேயே அது செல்லாமல் போவதில்லை. சாட்சியத்தை ஆராய்ந்தார்களா என்பதே கேள்வி.

என்ன செய்யலாம்?

அரபி தெரிந்த ஒருவரை உட்கார வைத்து, மூலத்தில் எத்தனை ‘ஹைஸு’ வருகிறது என்று எண்ணச் சொல்லலாம். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரு காரணம் இருக்க வேண்டும். குறைந்தால் வழக்கறிஞரிடம் சொல்லி, சரியான மொழிபெயர்ப்பைக் கேட்டு மனுப் போடலாம். வீடு ஜப்திக்குப் போகுமுன் பார்க்க வேண்டிய கணக்கு இது.