நடை என்னுடையது, கட்டுரை யாருடையது?

“நான் முன்பு எழுதிய நாலு கட்டுரையை ஏஐ-க்குக் கொடுத்தேன். இதே நடையில் புதிதாக ஒன்று எழுதச் சொன்னேன். வந்தது அச்சு அசலாக என் எழுத்து. அதை என் பெயரில் கொடுத்தால் என்ன தப்பு?”

பட்டப்படிப்பும் ஆராய்ச்சியும் படிக்கிற பிள்ளைகள் இன்று கேட்கிற கேள்வி இது. சப்பைக்கட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. இணையத்தில் கிடந்த யாருடைய கட்டுரையையும் அந்தப் பிள்ளை எடுக்கவில்லை. உள்ளே போனதும் தன் எழுத்து, வெளியே வந்ததும் தன் எழுத்து போலத்தான் இருக்கிறது. அப்படியிருக்க, பல்கலைக்கழகங்கள் ஏன் இதை ஏற்பதில்லை?

முதலில், அந்த நாலு கட்டுரையை வைத்துக்கொண்டு கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலும் அது அவற்றைக் ‘கற்றுக்கொள்வது’ கிடையாது. நாம் கேட்கும் கேள்வியோடு சேர்த்து அவற்றையும் ஒரே மூச்சில் படிக்கிறது. அடுத்தடுத்த சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தச் சாயலுக்குப் பொருந்துகிற சொல்லின் பக்கம் சாய்கிறது. வாக்கியம் எவ்வளவு நீளம், பத்தி எப்படித் தொடங்குகிறது, ‘ஆனால்’ என்று எழுதுகிறவரா ‘எனினும்’ என்று எழுதுகிறவரா, கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் பழக்கம் உண்டா என்பதையெல்லாம் நன்றாகவே பிடித்துக்கொள்ளும். என்ன சொல்வது, எந்த ஆதாரத்தைக் காட்டுவது, எதை முதலில் வைப்பது என்பவற்றுக்கு மட்டும் அந்த நாலு கட்டுரை உதவாது. புதிய தலைப்பைப் பற்றி அவற்றில் எதுவும் இல்லையே! அந்தச் சரக்கு, ஊர் உலகத்தார் எழுதிய கோடிக்கணக்கான பக்கங்களில் கருவி முன்பே பயின்று வைத்ததிலிருந்து வருகிறது. நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கொடுத்து, கருவியின் உள் எண்களையே கொஞ்சம் திருத்தித் தனக்கென்று பழக்கிக்கொள்கிறவர்களும் உண்டு. அப்போது சாயல் இன்னும் அழுத்தமாக விழும். சரக்கு வருகிற இடம் மாறாது.

முதுகலை சூழலியல் படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் நடக்காததல்ல. போன பருவத்தில் தன் ஊர் ஏரியைப் பற்றி எழுதிய கட்டுரையில் அவள் இப்படி எழுதியிருக்கிறாள்: “மழை பெய்தது. ஏரி நிறையவில்லை. ஏன்? வரத்துக்கால் அடைபட்டுக் கிடந்தது.” சின்னச் சின்ன வாக்கியம், நடுவில் ஒரு கேள்வி. அவளுடைய பழக்கம் அது. இந்தப் பருவத்துத் தலைப்பு, ‘ஏரியைத் தூர்வாரினால் நிலத்தடி நீர் உயருமா?’ பழைய கட்டுரைகளைக் கொடுத்து ஏஐ-யிடம் 2,000 சொற்கள் கேட்கிறாள். வருகிறது: “ஏரியைத் தூர்வாரினார்கள். கிணற்றில் நீர் ஏறவில்லை. ஏன்? அடியில் இருந்தது களிமண்.”

அவளுடைய அம்மாகூட வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பேராசிரியர் கேட்கப்போவது வேறு. எந்த ஏரி? களிமண் என்று எப்படித் தெரிந்தது? எந்தக் கிணறு, யார் அளந்தார்கள், எந்த மாதம்? முதல் வாக்கியத்தில் இருந்த அடைப்பை அவள் வரத்துக்கால் ஓரமாக நடந்துபோய்க் கண்ணால் பார்த்தாள். இரண்டாவதில் இருக்கிற களிமண்ணைப் பார்த்தவர் யாருமில்லை. தூர்வாருதல் பற்றிய எழுத்துகளில் அடிக்கடி வருகிற ஒரு காரணம் என்பதால் அது அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஏரிப் படுகையில் களிமண் இருந்தால் நீர் மெதுவாகத்தான் இறங்கும் என்பது பொதுவாக உண்மைதான். இந்த ஏரிக்கு அது உண்மையா என்று யாரும் சோதிக்கவில்லை, அவ்வளவுதான். கட்டுரையின் கடைசியில் மேற்கோள் பட்டியல் வேறு இருக்கும். அதில் ஒன்றிரண்டு, ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ் எல்லாம் கச்சிதமாக இருந்தும், அப்படி ஒரு ஆய்வே வெளிவராததாக இருக்கலாம். இந்தக் கருவிகளின் தெரிந்த குறை அது. சொந்த நடையில் எழுதப்பட்டிருக்கும்போது இந்தக் குறை கண்ணில் படுவதும் கடினம். பழகிய குரலை நாம் சந்தேகப்படுவதில்லை.

விதிகள் நடையைப் பற்றி என்ன சொல்கின்றன? அநேகமாக ஒன்றுமே சொல்வதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வரையறைப்படி, வேறொரு மூலத்திலிருந்து வந்த எழுத்தையோ கருத்தையோ முழுமையாகக் குறிப்பிடாமல் தன்னுடையதாகக் காட்டுவது திருட்டு. அந்த மூல ஆசிரியர் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் ஒன்றுதான். செயற்கை நுண்ணறிவு முழுதாகவோ பகுதியாகவோ உருவாக்கிய எழுத்தும், முன் அனுமதி இல்லையென்றால், இதில் அடங்கும் என்று அங்கே வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறார்கள். அந்த எழுத்து யாருடைய சாயலில் இருக்கிறது என்ற கேள்விக்கே அதில் இடமில்லை.

ஸ்டான்ஃபோர்டு 2023 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் தெளிவு. ஆசிரியர் தனியாக எதுவும் சொல்லாத பாடங்களில், ஏஐ-யின் உதவியை இன்னொரு மனிதரின் உதவியாக எண்ணிக்கொள்ளச் சொல்கிறது. கேள்வியைக் கொடுத்து அசைன்மென்ட்டின் பெரும்பகுதியை முடித்து வாங்குவது கூடாது. உதவி பெற்றிருந்தால் சொல்லிவிட வேண்டும். சந்தேகமாக இருந்தாலும் சொல்லிவிடுவதே முறை.

‘இன்னொரு மனிதர்’ என்ற இந்த அளவுகோலை வைத்தால் விஷயம் சட்டென்று பிடிபடும். காசுக்குக் கட்டுரை எழுதித் தருகிற நிறுவனங்கள் ஏஐ வருவதற்கு முன்பே இருந்தன. “உங்கள் பழைய கட்டுரை இருந்தால் அனுப்புங்கள், உங்கள் நடையிலேயே எழுதித் தருகிறோம்” என்பது அந்தத் தொழிலில் ஒரு கூடுதல் வசதி. பழைய கட்டுரையை அனுப்பியதால் அந்தப் புதிய கட்டுரை மாணவருடையதாகிவிட்டது என்று எந்தப் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டதில்லை. திட்டமிட்டு மறைத்ததற்கு அடையாளமாகத்தான் அது தெரிந்தது. இங்கிலாந்தில் 2022-ல் வந்த ஒரு சட்டம் இப்படிப்பட்ட சேவையை விற்பதையும் விளம்பரப்படுத்துவதையும் குற்றமாக்கியது. விற்பவரைத்தான் சட்டம் பிடிக்கும்; மாணவரைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும்.

நம் நாட்டுக்கு வருவோம். யுஜிசி-யின் 2018-ம் ஆண்டு விதிமுறைகள் ஏஐ கட்டுரைகள் புழக்கத்துக்கு வரும் முன்பே எழுதப்பட்டவை. பிறர் படைப்பையோ கருத்தையோ எடுத்துத் தனதாகக் காட்டுவதுதான் அங்கே திருட்டு. ‘பிறர்’ என்றால் மனிதர்தானே, இயந்திரம் ஆகாதே என்று சட்டம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வாதத்துக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அதே விதிமுறைகள், ஆய்வேட்டைக் கொடுக்கிற ஒவ்வொரு மாணவரிடமும் ஓர் உறுதிமொழி கேட்கின்றன: இதைத் தயாரித்தது நான், இது என் அசல் படைப்பு. களிமண் வாக்கியத்தைத் தயாரித்தது யார் என்ற இடத்தில் அந்த மாணவி தடுமாறித்தான் ஆக வேண்டும்.

பலர் இந்த உறுதிமொழியை மறந்துவிட்டு, சதவீதத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 10 முதல் 40 வரை திருத்திக் கொடுக்கலாம், 60-ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து. இந்த எண் அளப்பது ஏற்கெனவே வெளிவந்த எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை. ஏஐ புதிதாகக் கோத்துத் தருகிற வாக்கியங்களுக்கு எண் குறைவாகவே வரும். ‘என் ரிப்போர்ட்டில் 4 சதவீதம்தான்’ என்பது யார் எழுதினார் என்ற கேள்விக்குப் பதிலாகாது.

வேடிக்கையான ஒரு பக்கமும் உண்டு. கருவி சில நேரம் நடையோடு நிற்காமல், கொடுத்த பழைய கட்டுரையின் வாக்கியங்களையே அப்படியே தூக்கிப் போட்டுவிடும். அவை சந்தேகமில்லாமல் மாணவியின் சொந்த வாக்கியங்கள்தான். ஆனால் ஒருமுறை மதிப்பெண் வாங்கியதையோ வெளியிட்டதையோ சொல்லாமல் மறுபடி பயன்படுத்துவதும் தவறு. யுஜிசி 2020-ல் இதற்கென்றே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆக, பழைய எழுத்திலிருந்து விலகி வந்த பகுதி அவள் எழுதியதல்ல, ஒட்டி வந்த பகுதி ஏற்கெனவே கொடுத்தது.

கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்பார்கள். நிச்சயமாக முடியும் என்று சொல்ல மாட்டேன். ஏஐ எழுத்தைக் கண்டறியும் மென்பொருள்கள் நம்பத்தக்கவை அல்ல. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை இப்படிப்பட்ட 7 கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர் கைப்பட எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் ‘ஏஐ எழுதியது’ என்று முத்திரை குத்தப்பட்டன. ஆங்கிலத்தில் எழுதப் போராடுகிற நம் பிள்ளைகளுக்கு இது நேரடியாகப் பாதகம். சொந்த நடையைக் கொடுத்து எழுதவைப்பதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம் என்று எனக்குத் தெரியும்; அதில் நியாயமும் இருக்கிறது. மென்பொருளின் சந்தேகத்தை மட்டும் வைத்து ஒரு மாணவரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது. அந்தச் சந்தேகத்துக்கு எதிராக நிற்பது குறிப்பேடும், கைப்பட எழுதிய முதல் வரைவும், கூகுள் டாக்ஸ் சேமித்து வைக்கிற மாற்ற வரலாறும்தான். களத்தில் எடுத்த கிணற்று அளவுகள் இருந்தால் வைவாவில் ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும்.

அதே மாணவி வேறு விதமாகவும் செய்திருக்கலாம். நாலு கிணற்றை அளந்து, மண்ணைத் தோண்டிப் பார்த்து, கரடுமுரடாக 2,000 சொற்கள் எழுதிவிட்டு, பழைய கட்டுரைகளைக் காட்டி, “என் நடை கெடாமல் பிழை மட்டும் திருத்து” என்று கேட்டிருக்கலாம். இங்கே பழைய கட்டுரைகளுக்கு உண்மையான வேலை இருக்கிறது. கருவி தன் வழவழப்பான மொழியை அவள் மேல் பூசிவிடாமல் அவை காக்கின்றன. இதைப் பல துறைகள் அனுமதிக்கின்றன. மொழியையே மதிப்பிடுகிற பாடத்தில் அனுமதிக்க மாட்டார்கள். எழுதும் முன்பே ஆசிரியரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அனுமதி கிடைத்தால், கட்டுரையின் கடைசியில் அவள் இப்படி எழுதலாம்: “அளவீடுகளும் வாதமும் முதல் வரைவும் என்னுடையவை. மொழிப்பிழை திருத்த ஏஐ கருவியைப் பயன்படுத்தினேன். ஒவ்வொரு மாற்றத்தையும் நானே சரிபார்த்தேன்.” முதலில் சொன்ன கட்டுரைக்கும் இதே நேர்மையோடு ஒரு குறிப்பு எழுதிப் பார்க்கலாம்: “தலைப்பைக் கொடுத்தேன். என் நடையைக் கொடுத்தேன். மற்றதைக் கருவி எழுதியது.” இந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு எந்தப் பேராசிரியர், எதற்கு மதிப்பெண் போடுவார்?