‘பை த டைம்’ வாக்கியத்தில் காலங்கள் முரண்படுகின்றனவா?

“பை த டைம் யூ ரீச் த ஸ்டேஷன், த ட்ரெயின் வில் ஹேவ் லெஃப்ட்.” நீங்கள் ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள் ரயில் கிளம்பிப் போயிருக்கும் என்று பொருள். இரண்டுமே இனி நடக்கப்போகிறவை. ஆனால் முதல் பாதியில் ‘ரீச்’ என்று நிகழ்காலம் நிற்கிறது. இது பிழையல்ல. ஆங்கிலத்தில் நேரத்தைக் குறிக்கும் துணை வாக்கியம், எதிர்காலத்தைச் சொன்னாலும் ‘வில்’ ஏற்காது. அதனால் ‘பை த டைம் யூ வில் ரீச்’ என்பதுதான் தவறு.

‘வில் ஹேவ் லெஃப்ட்’ என்பது, நீங்கள் சேரும் கணத்துக்கு முன்பே புறப்பாடு முடிந்துவிடும் என்கிறது. இதையே நேற்று நடந்ததாகச் சொன்னால் இரண்டு பாதியும் சேர்ந்து மாறும்: ‘ரீச்ட்’, ‘ஹேட் லெஃப்ட்’. ‘ரீச்ட்’ என்று தொடங்கி ‘வில் ஹேவ் லெஃப்ட்’ என்று முடித்தால்தான் காலப் பொருத்தம் கெடுகிறது.