ஒரு மோட்டாரும் இரண்டு கையெழுத்தும்

ஒரு ஊரில் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஊராட்சித் தலைவராக வந்து மூன்று மாதமே ஆன ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் விடிவதற்குள் காலிக் குடங்கள் வந்துவிட்டன. டேங்க் ஆபரேட்டர் கையை விரிக்கிறார். தலைவர் தன் கைப்பணத்திலிருந்து 18,000 ரூபாய் கொடுத்து மோட்டாரைச் சரிசெய்கிறார். சாயங்காலமே தண்ணீர் வருகிறது. ஊர் வாழ்த்துகிறது. அந்தப் பணம் திரும்பக் கிடைக்குமா என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளில் முதல்முறை பொறுப்புக்கு வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஊருக்கு என்ன தேவை என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஊராட்சிப் பணம் எந்த வழியாக நடக்கிறது என்பதுதான் தெரியாது.

அந்த மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். பழுதைப் பார்த்து மதிப்பீடு போட வேண்டும். ஊராட்சிக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற வேண்டும். விலைப்புள்ளி வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் உரியவர் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகே பில். அவசரமென்றால் முதலில் வேலையை முடித்துவிட்டு அடுத்த கூட்டத்தின் முன் வைக்கச் சட்டமே இடம் தருகிறது. அந்த ஒரு வரி தெரியாததால் நம் தலைவர் அடுத்த கூட்டத்தில் எதையும் பதிவு செய்யவில்லை. நான்கு மாதம் கழித்து வெறும் கடை ரசீதை நீட்டுகிறார். ஊராட்சி செயலர் அதைக் கணக்கில் ஏற்றினால் தணிக்கையில் தடை எழும். ஏற்றாவிட்டால் தலைவருக்குக் கைநஷ்டம்.

ஏற்றினாலும் இன்னொரு கதவு இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சி நிதிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். இருவரும் எதிரெதிர் அணியாக இருந்துவிட்டால், துணைத் தலைவர் பேனாவை மூடி வைத்துக்கொண்டாலே வேலை நின்றுவிடும். ஒருவரே பணத்தை எடுத்துவிடக் கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு இது. தலைவர் தலித்தாகவோ பெண்ணாகவோ இருக்கும் ஊர்களில் அவரைப் பணிய வைக்கும் கருவியாகவும் இது மாறிவிடுகிறது.

அடுத்த குழப்பம் நிதிக்குழு மானியம். 15ஆவது நிதிக்குழு 2021 முதல் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே. வங்கியில் சில லட்சம் இருப்பதைப் பார்த்துத் தெருவிளக்கு போடுவதாக வாக்குக் கொடுத்த உறுப்பினர், அந்தப் பணத்தை விளக்குக்குத் தொட முடியாது என்று பின்னால்தான் அறிகிறார். ஊரார் கண்ணுக்கு அவர் பொய்யர். மோட்டார் செலவுக்கு அதே பணத்தில் வழி இருந்திருக்கும். அதையும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பயிற்சி இல்லாமல் இல்லை. மறைமலைநகரில் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் இருக்கிறது. பவானிசாகர், பட்டுக்கோட்டை, டி.கல்லுப்பட்டி போன்ற ஊர்களில் மண்டல நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் பதவியேற்ற புதிதில் சில நாள் மண்டபத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு இன்னும் ஒரு பில்கூடக் கைக்கு வந்திருக்காது. கேட்கக் கேள்வியே இருக்காது. கேள்வி பிறக்கும்போது பக்கத்தில் இருப்பவர் செயலர் மட்டுமே. நேர்மையான செயலர் அமைந்தால் தலைவர் தப்பித்தார். இல்லையென்றால் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறவராகிவிடுகிறார். பெண் தலைவர் என்றால் அந்த இடத்தைக் கணவரே காட்டுகிறார்.

2020 ஜனவரியில் பொறுப்பேற்றவர்களுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. 2016 அக்டோபர் முதல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இல்லாததால், பொறுப்பை ஒப்படைத்துப் பக்குவம் சொல்ல முந்தைய தலைவர் என்று ஒருவர் இல்லை. இரண்டு மாதத்தில் கொரோனா. அந்த ஆண்டு அக்டோபர் 2 கிராம சபையையும் அரசு ரத்து செய்தது. கணக்கை ஊர் முன் வாசித்துப் பழகும் வாய்ப்பும் போனது.

பயிற்சியை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பது என் கருத்து. முதல் வாரத்தில் காசோலை, தீர்மானப் புத்தகம், அவசர வேலை ஆகிய மூன்று மட்டும் போதும். ஆறு மாதம் கழித்து, தலைவர், துணைத் தலைவர், செயலர் மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, அவர்கள் ஊராட்சியின் சொந்தப் பில் ஒன்றை எடுத்துத் தொடக்கம் முதல் தணிக்கை வரை நடத்திக் காட்ட வேண்டும். தனித்தனியாகப் பயிற்சி கொடுப்பதால், செயலருக்குத் தெரிந்தது தலைவருக்குத் தெரிவதில்லை. துணைத் தலைவருக்குத் தன் கையெழுத்தின் பொறுப்பு புரிவதில்லை.

பயிற்சியால் எல்லாம் தீராது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட செய்தி வந்தது. அது பாடம் நடத்தித் தீர்க்கும் குறை அல்ல. சட்டம் நேரே நடவடிக்கை எடுக்க வேண்டிய குற்றம்.

27 மாவட்டங்களில் அந்த உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து, பொறுப்பு மீண்டும் தனி அலுவலர்களிடம் போனது. ஐந்தாண்டு அடிபட்டுக் கற்றவர்கள் இன்று நம் ஊர்களில்தான் இருக்கிறார்கள். அடுத்துப் பொறுப்பேற்கிறவர்களே, யூனியன் ஆபிஸ் படியேறுவதற்கு முன் அவர்கள் வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள்.