பச்சைக் கூட்டுக்குள் ஒரு பித்தலாட்டம்

மாணவர்களே, கலும்பாங் போன்ற சிற்றூரில் இருந்துகொண்டு பழைய விளையாட்டு கேட்ரிட்ஜ் வாங்க நினைத்தால், பெரும்பாலும் இணையத்தில்தான் தேட வேண்டியிருக்கும். பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. விற்பவர் அனுப்பும் படங்களை மட்டும் நம்பிப் பணம் கட்டுகிறோம். அந்தப் படங்களைக் கொண்டே அசலையும் போலியையும் எப்படிப் பிரித்தறிவது?

2004ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த ‘போக்கிமோன் எமரால்ட்’ விளையாட்டை எடுத்துக்கொள்வோம். இது நிண்டெண்டோ நிறுவனத்தின் கேம்பாய் அட்வான்ஸ் கருவிக்கானது. இன்றும் பலர் இதைத் தேடுவதால் போலிகளும் மலிந்துவிட்டன. விற்பவரிடம் மூன்று படங்களைக் கேளுங்கள்: முன்பக்கம், பின்பக்கம், தங்க நிறப் பற்கள் தெரியும் கீழ்விளிம்பு. படத்தில் இன்றைய தேதி எழுதிய தாள் ஒன்றும் இருக்கட்டும். அப்போதுதான் வேறொருவர் எடுத்த படத்தை அவர் அனுப்ப முடியாது.

முதலில் கூட்டைப் பாருங்கள். உருக்கிய பிளாஸ்டிக்கை உலோக அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி, ஆறவைத்துத்தான் கூட்டைச் செய்கிறார்கள். அச்சு நுட்பமாக இருந்தால் மேலே புடைத்திருக்கும் எழுத்துகளின் ஓரங்கள் கூர்மையாக இருக்கும். அசலைப் பார்த்துச் செய்த மலிவான அச்சில் அந்த ஓரங்கள் மழுங்கிவிடும். இரு பாதிகள் சேரும் கோட்டிலும் பிளாஸ்டிக் பிதுங்கி நிற்கும். எமரால்டின் அசல் கூடு பச்சைக் கண்ணாடி போல ஒளியை ஊடுருவ விடும். உள்ளே இருப்பது மங்கலாகத் தெரிய வேண்டும்.

அடுத்தது லேபிள். போலிகள் பலவற்றில் அசல் லேபிளை ஸ்கேன் செய்து மறுபடி அச்சிடுகிறார்கள். அச்சுப் படம் என்பது சிறுசிறு நிறப் புள்ளிகளின் கூட்டம். அதையே ஸ்கேன் செய்து இன்னொரு முறை புள்ளிகளாக்கினால் நுண்ணிய எழுத்துகள் கலங்கும், நிறமும் மாறும். அசல் லேபிளில் இன்னோர் அடையாளமும் உண்டு. மையால் அச்சிடாமல், இரண்டு இலக்கங்களைக் காகிதத்தில் அழுத்திப் பதித்திருப்பார்கள். நேராகப் பார்த்தால் அது தெரியாது. ஆகவே, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி படமெடுக்கச் சொல்லுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து இலக்கங்கள் தெரியும். ஆனால், இப்போது சில போலிகளிலும் இதைப் பதிக்கிறார்கள் என்பதால் இது ஒன்றே போதாது.

ஆகவே மின்சுற்றுப் பலகைக்கு வருவோம். கீழ்விளிம்பைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால், அசல் பலகையில் பற்களுக்கு மேலே நிண்டெண்டோ பெயர் அச்சாகியிருக்கும். பல போலிகளில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். கூட்டைத் திறந்த படம் கிடைத்தால் இன்னும் நல்லது. அசல் எமரால்டில் கால்கள் முளைத்த தனித்தனிச் சில்லுகளும் வட்டமான ஒரு பேட்டரியும் இருக்கும். சில்லுகளுக்குப் பதில் கறுப்புப் பிசின் உருண்டை ஒன்று இருந்தால் அது போலி.

பேட்டரியில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. அசலில் அது விளையாட்டுக்குள் ஓடும் கடிகாரத்துக்கு மட்டுமே மின்சாரம் தருகிறது. அங்குள்ள படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணை 15 முறை பாதியாக்கிப் பாருங்கள், 1 வரும். அதாவது, ஒரு நொடி! நீங்கள் விளையாடிச் சேமித்தவையோ மின்சாரம் இல்லாமலே தகவலைக் காக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கின்றன. பேட்டரி தீர்ந்தாலும் அவை அழியா.

போலிகள் பலவற்றில் கதை தலைகீழ். அங்கே கடிகாரச் சில்லு இருக்காது. மின்சாரம் இருக்கும் வரை மட்டுமே தகவலைக் காக்கும் மலிவான நினைவகத்தை அந்தப் பேட்டரி தாங்கிக்கொண்டிருக்கும். பேட்டரி தீர்ந்த நாளில், பல மாதங்கள் விளையாடிச் சேர்த்த அனைத்தும் ஒரேயடியாக மறைந்துவிடும்.

விளையாட்டைத் தொடங்கும்போது ‘பேட்டரி தீர்ந்துவிட்டது’ என்ற செய்தி திரையில் வந்தால் அதைப் போலி என்று முடிவுகட்டலாமா? கூடாது. இருபது ஆண்டுப் பழைய அசலிலும் பேட்டரி தீர்ந்திருக்கும். ஆனால், பேட்டரியைப் புதிதாக மாற்றியதாக விற்பவர் சொல்லியும் அந்தச் செய்தி வந்தால், உள்ளே கடிகாரமே இல்லையோ என்று சந்தேகிக்க வேண்டும்.

இப்போது கணக்கைக் கூட்டிப் பாருங்கள். 50 வெள்ளிக்கு ஒரு கேட்ரிட்ஜ். எழுத்துகள் மழுங்கல், லேபிளில் இலக்கம் இல்லை, பற்களுக்கு மேல் பெயரும் இல்லை. ஒரு குறை தேய்மானமாக இருக்கலாம். மூன்றும் ஒன்றாகத் தேய்மானத்தால் வராது. கீழ்விளிம்பின் படத்தைத் தர விற்பவர் மறுத்தால், அந்த 50 வெள்ளி உங்கள் பையிலேயே இருக்கட்டும்.